தில்லைவனம் நிலக்காட்சி அல்ல

சிதம்பரம் சிவகாமியம்மன் சந்நிதியின் முன்மண்டப விதானத்தைச் சான்றாகக் காட்டி அண்மையில் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. தெய்வக் கதைக்குப் பின்புலமாக மட்டும் இருந்த நிலத்தை, அதுவே தனிப் பொருளாகும்படி உலகில் முதலில் வரைந்தவர்கள் தமிழர்களே என்பது அதன் வாதம். அங்குள்ள காட்டு ஓவியங்கள் முதல் சான்று, சங்க அகப்பாடல்களின் திணை இரண்டாவது சான்று. நிலக்காட்சி ஓவியத்தை ஐரோப்பியரிடமிருந்து கற்றோம் என்பவர்கள் அடிமை மனம் கொண்டவர்கள் என்றும் கட்டுரையாளர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். இந்த வாதத்தின் இரண்டு கால்களுமே நிற்கவில்லை. அதைவிடப் பெரிய குறை, தான் போற்றும் ஓவியத்தையும் பாடலையும் அவர் சரியாகப் பார்க்கவே இல்லை என்பது.

முதலில் விதானம். அது 17ஆம் நூற்றாண்டு நாயக்கர் பாணி ஓவியம். பிட்சாடனராக வரும் சிவன், உடன் வரும் மோகினி, தாருகவனத்து முனிவர்கள், அவர்களின் மனைவியர் என்று கதை பட்டை பட்டையாக நகர்கிறது. மாணிக்கவாசகர் வரலாறும் அங்கே உண்டு. காட்சிகளுக்குக் கீழே தமிழில் விளக்க எழுத்துகள் இருக்கின்றன. அண்ணாந்து பார்க்கிறவர் கதையைத் தொடர்ந்து படித்துக்கொண்டே நடக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

இங்கே மரம் என்ன வேலை செய்கிறது? தாருகவனம் என்பதால் மரம் தேவைப்படுகிறது. ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்குவதைக் காட்டவும் மரம் உதவுகிறது. அந்தப் பாணியின் மரபுப்படி இலைகள் கொத்துக் கொத்தாக, அலங்காரமாக வரும். தொடுவானம் இல்லை. தூரத்தில் இருப்பது சிறுத்துத் தெரிவதில்லை. ஒரு திசையிலிருந்து விழும் வெளிச்சமோ நிழலோ இல்லை. நிலக்காட்சி தனிப் பொருளாகிவிட்டதா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு: படத்திலிருந்து ஆட்களை மனத்தால் நீக்கிப் பாருங்கள். நீக்கிய பிறகும் படம் நின்றால் நிலமே பொருள். சிதம்பரத்தில் சிவனையும் மோகினியையும் முனிவரையும் நீக்கினால் மிஞ்சுவது வண்ணத் தளத்தின் மேல் இடைவெளி விட்டு நிற்கும் மரங்கள் மட்டுமே. ஒரு காடு அங்கே மிஞ்சாது.

இன்னொன்றையும் கேட்கலாம். தில்லை என்பது உண்மையான ஒரு மரம். பால் பட்டால் கண் எரியும், உதிரும் முன் இலை சிவக்கும், உப்புக்கழியில் வளரும். சிதம்பரத்திலிருந்து சிறிது தொலைவிலுள்ள பிச்சாவரத்தில் இன்றும் சுரபுன்னையோடு சேர்ந்து நிற்கிறது. நிலத்தையே பொருளாகக் கொண்ட ஓவியன் இந்தக் கழியையும் சேற்றையும் சிவந்த இலையையும் விட்டிருப்பானா? விதான ஓவியருக்கு அது வேண்டியிருக்கவில்லை. அவருக்கு வேண்டியது கதை, அதை அவர் அற்புதமாகச் சொன்னார். அவர் செய்ய நினைக்காத ஒன்றைச் செய்ததாகப் புகழ்வது, அவர் செய்ததைப் பார்க்க மறுப்பதுதான்.

இரண்டாவது கால், திணை. கடலூர்க் கடற்கரை நெய்தல் நிலம், ஆகவே நெய்தல் பாட்டு நிலக்காட்சி என்கிறார் கட்டுரையாளர். தொல்காப்பியத்தைத் திறந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டார். முதல், கரு, உரி என்ற மூன்றும் பாட்டில் வரும்போது ஒன்றைவிட அடுத்தது சிறந்தது என்கிறது அந்நூல். நிலமும் பொழுதும் முதற்பொருள். மரம், பறவை, விலங்கு எல்லாம் கருப்பொருள். இரண்டுக்கும் மேலே நிற்பது உரிப்பொருள், அதாவது புணர்தலும் பிரிதலும் இரங்கலும் போன்ற மனித நிலை. நிலம் அங்கே உணர்ச்சிக்குப் பணி செய்கிறது. உள்ளுறை உவமத்தில் இது இன்னும் தெளிவு. மருதப் பாட்டில் தாமரையை மிதித்துக்கொண்டு மேயும் எருமை வந்தால், அது பரத்தையை நாடிப்போன தலைவனைக் குறிப்பாகச் சொல்கிறது. எருமையை எருமையாக மட்டும் பார்த்தவனுக்குப் பாட்டில் பாதி கிடைக்கவில்லை.

தன் வாதத்துக்கு உள்ளதிலேயே வலுவான சான்றையும் அவர் தவறவிட்டார். பட்டினப்பாலை 301 அடிகள், அதில் மிகப் பெரும்பகுதி காவிரிப்பூம்பட்டினத்தின் வருணனை. ஆனால் அந்த வருணனை முழுவதும், இத்தனை வளமுள்ள பட்டினமே கிடைத்தாலும் இவளைப் பிரிந்து வரமாட்டேன் என்று தலைவன் நெஞ்சுக்குச் சொல்லும் ஒரு சொல்லில் தொங்குகிறது. வருணனை எவ்வளவு வளர்ந்தாலும் உரிப்பொருள் இல்லாமல் அதற்கு நிற்க இடமில்லை. ஆன்ட்வெர்ப் நகரின் பாட்டினிர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்த படங்களும் இதே நிலையில்தான் இருக்கின்றன. மலையும் ஆறும் படத்தை நிறைக்க, புனித ஜெரோம் ஒரு மூலையில் சிறிதாக இருப்பார். பரப்பில் நிலம் வென்றுவிட்டது, ஆனாலும் படத்தின் பொருள் அந்தத் துறவிதான். ஏறத்தாழ அதே காலத்தில் ஜெர்மனியின் ஆல்ட்டோர்ஃபர் ஆளே இல்லாத ஒரு மரப்பாலத்தை வரைந்தார். அங்கே நீக்குவதற்கு எவரும் இல்லை. பெரிதாவது வேறு, விடுபடுவது வேறு.

‘உலகில் முதலில்’ என்ற பேச்சும் வீண். சீனத்தில் குவோ ஷி தன் ‘இளவேனில்’ ஓவியத்தை முடித்த ஆண்டு 1072. சிதம்பர விதானத்துக்கும் ஆல்ட்டோர்ஃபருக்கும் பல நூற்றாண்டு முன்பே மலை அங்கே தனிப் பொருளாகிவிட்டது.

நிலம் ஏன் எங்கோ விடுபட்டது, இங்கே ஏன் விடுபடவில்லை என்று கட்டுரையாளர் ஒரு வரிகூடக் கேட்கவில்லை. விடை பெரிதும் ஓவியத்துக்குக் காசு கொடுத்தவரிடம் இருக்கிறது. நெதர்லாந்தில் 1566இல் தேவாலயப் படிமங்கள் உடைக்கப்பட்டன. பின்னர் சீர்திருத்தச் சபை வேரூன்றிய வட பகுதியில் தேவாலயம் படம் கேட்பதை நிறுத்தியது. ஓவியர்கள் சந்தைக்கு வரைந்தார்கள், வணிகர் வீட்டுச் சுவருக்கு மணற்குன்றும் மேகமும் போதுமானதாக இருந்தது. தமிழகத்தில் 17ஆம் நூற்றாண்டில் சுவரோவியத்துக்குப் பணம் தந்தது கோயிலும் அரண்மனையும். அவை கதையைக் கேட்டன, கதை கிடைத்தது. இதில் தாழ்வு எதுவும் இல்லை.

கடலூரில் நிலத்தைத் தெய்வமும் உரிப்பொருளும் இல்லாமல் பார்த்த ஒரு கண் வந்த கதை இனிமையானதல்ல. 1690இல் மராத்தியரிடம் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழும் தூரம்வரை உள்ள ஊர்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். நிலம் அங்கே அளந்து உடைமையாக்கும் பொருள். அதே ஆட்சியின் நிழலில்தான் 1792–93இல் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் தென்னாட்டில் சுற்றி வரைந்தார்கள், 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் சென்னையில் கலைப்பள்ளி தொடங்கினார். அந்தப் பள்ளியில் 1930களில் படித்த கே.சி.எஸ். பணிக்கர், கேரளத்துக் கால்வாய்களையும் தென்னைகளையும் நீர்வண்ணத்தில் வரைந்தபோது நிலம் தனிப் பொருளாகிவிட்டது. கருவி ஆட்சியாளர் கொண்டுவந்ததுதான். கண்ணும் கையும் பணிக்கருடையவை. இதைச் சொல்வது அடிமை மனம் என்றால், கட்டுரையாளர் பணிக்கரின் படங்களுக்கு முன்னால் நின்று சொல்லட்டும்.

சிதம்பரம் போகிறவர்கள் சிவகாமியம்மன் சந்நிதியில் சற்று நேரம் அண்ணாந்து நின்று, கீழே உள்ள எழுத்துகளோடு சேர்த்து அந்தக் கதையைப் படியுங்கள். கட்டுரையாளரும் அதைச் செய்துவிட்டு, தன் கூற்றைத் திரும்பப் பெற வேண்டும்.