பாட்டை ஒப்பிப்பது வேறு, ஓசையைக் கேட்பது வேறு



உங்களில் பலருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இப்போது யு.கே.ஜி. படிக்கிறார்கள். அவர்கள் ரைம்ஸ் பாடும் வீடியோக்களை வாட்ஸப்பில் அனுப்புகிறீர்கள். பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இருபது பாட்டைத் தடங்கலில்லாமல் ஒப்பிக்கிற பிள்ளைக்கு, அந்தப் பாட்டில் எந்தச் சொல்லும் எந்தச் சொல்லும் ஒரே மாதிரி ஒலிக்கின்றன என்று தெரியாமல் இருக்கலாம். ஒப்பிப்பது நாக்கின் பழக்கம். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தேவைப்படுவது சொல்லைப் பிரித்துக் கேட்கிற காது.

அந்தக் காது இருக்கிறதா என்று அறிய ஒரு விளையாட்டுப் போதும். நோட்டு, பென்சில் வேண்டாம். மூன்று சொல் சொல்லுங்கள்: வலை, தலை, மீன். "இதில் சேராதது எது?" என்று கேளுங்கள். "தலை" என்று சொன்னால் பிள்ளை பொருளைப் பிடித்திருக்கிறது. நம் கடற்கரைப் பிள்ளைக்கு வலையும் மீனும் ஒரே குடும்பம்தானே! "மீன்" என்று சொன்னால் ஓசையைப் பிடித்திருக்கிறது. முதலில் சொன்ன பிள்ளையை மக்கு என்று சொல்லிவிடாதீர்கள். ஐந்து வயதில் அது இயல்பு. "வாயில் சொல்லிப் பாரு, எது ரெண்டும் ஒரே மாதிரி முடியுது?" என்று காட்டிக் கொடுத்தால் சில நாளில் பிடித்துக்கொள்ளும்.

ஒரு கேள்வியோடு முடிவு கட்டவும் வேண்டாம். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரியாகிவிடும். சேராத சொல்லை முதலில், நடுவில், கடைசியில் என்று மாற்றி மாற்றி வைத்து ஆறு தடவையாவது கேளுங்கள். முத்து, பத்து, சிப்பி. தோணி, கடல், ஏணி. முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனாலும் சொற்கள் நம் ஊரில்தானே இருக்கின்றன!

அடுத்தது பாட்டு. நானே கட்டியது, இலக்கணம் பார்க்காதீர்கள்:

கடலில் எழும்புது அலை
கரையில் காயுது வலை
தாத்தா துவட்டுறார் தலை
மீனுக்கு இன்னைக்கு நல்ல விலை

இதைக் கூட்டாகப் பாட வைக்காதீர்கள். முதல் மூன்று வரியை மெதுவாகச் சொல்லி, நாலாவது வரியில் "நல்ல..." என்று நிறுத்திவிடுங்கள். "ருசி" என்று சொல்கிற பிள்ளை பொருளோடு போகிறது. "விலை" என்று சொல்கிற பிள்ளை ஓசையோடு வருகிறது. பாட்டு மனப்பாடமாகிவிட்டால் இந்தச் சோதனை செல்லாது. கடைசிச் சொல்லை மாற்றிப் புது வரி கட்டிக்கொள்ளுங்கள். பிள்ளை "வெல" என்று பேச்சு வழக்கில் சொன்னாலும் சரியே. இது காதுக்கான பாடம், உச்சரிப்பைத் திருத்துகிற நேரமில்லை.

அலை, வலை, தலை என்னும்போது முதல் எழுத்து மட்டும் மாறி, இரண்டாம் எழுத்து நிற்கிறது. எதுகை என்று உங்களுக்கு நடத்தியது இதைத்தான். சொல்லுக்குள் கழற்றி மாட்டக்கூடிய துண்டுகள் உண்டு என்று பிள்ளைக்கு இங்கேதான் பிடிபடுகிறது.

அது வந்தபின் மலை, மாலை, பல், பால், விடு, வீடு என்று ஜோடி ஜோடியாகச் சொல்லுங்கள். நீண்டு ஒலிக்கும் சொல்லுக்குக் கை தட்டச் சொல்லுங்கள். இரண்டாம் வகுப்பிலும் "பால்" என்பதைத் துணைக்கால் இல்லாமல் "பல்" என்று எழுதுகிற பிள்ளைகள் உண்டு. அவர்களில் பலருக்குக் குறிலும் நெடிலும் காதில் பிரியவில்லை. நூறு தடவை இம்போசிஷன் எழுதினால் கை வலிக்கும், காது திறக்காது.

விளையாட்டு மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. இங்கிலாந்தில் பிராட்லி, பிரையன்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 4, 5 வயதுப் பிள்ளைகளிடம் இதே 'சேராத சொல்' விளையாட்டை வைத்துப் பார்த்து 1983-இல் முடிவை வெளியிட்டார்கள். ஓசைப் பயிற்சியோடு பிளாஸ்டிக் எழுத்துகளையும் கையில் கொடுத்த பிள்ளைகள்தான் வாசிப்பில் அதிகம் முன்னேறினார்கள். ஆகவே காது பிடித்துக்கொண்டதும் 'லை' என்று ஒரு அட்டை எழுதி வைத்து, முன்னால் அ, வ, த அட்டைகளை மாற்றி மாற்றி வையுங்கள்.

சொன்ன சொல்லைத் திருப்பிச் சொல்லவே பிள்ளை அடிக்கடி தடுமாறினால், விளையாட்டை நிறுத்திவிட்டுக் காது டாக்டரிடம் காட்டுங்கள். சளி பிடித்துக் காது அடைத்திருந்தாலும் இப்படி ஆகும்.

ஐந்து வயதில் பக்கம் பக்கமாக எழுதச் சொல்லும் பள்ளியைத் தேடி அலையாதீர்கள். ராத்திரி சோறு ஊட்டும்போது பத்து நிமிடம் போதும். இன்றைக்கு "வலை, தலை, மீன்" கேட்டுப் பாருங்கள். பிள்ளை என்ன சொன்னது என்று கீழே எழுதுங்கள்.