சுங்க வரி: 50 ஆயிரத்திலிருந்து 75 ஆயிரம் – உயர்வு எவ்வளவு, ஈடு எவ்வளவு?

புது தில்லி: வெளிநாட்டிலிருந்து திரும்பும் இந்தியர் சுங்க வரியின்றிக் கொண்டுவரக்கூடிய பொருள்களின் மதிப்பு வரம்பு, 2026 பிப்ரவரி 2-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த புதிய பயண உடைமை விதிகளின்படி 50 ஆயிரம் ரூபாயிலிருந்து 75 ஆயிரம் ரூபாயாக உயர்ந்துள்ளது. வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கான வரம்பு 15 ஆயிரத்திலிருந்து 25 ஆயிரமாகியுள்ளது.

கேட்பதற்கு இது 50 சதவீத உயர்வு. ஆனால், பயணி பொருள் வாங்குவது திர்ஹாமிலோ டாலரிலோதான். வரம்பு மட்டுமே ரூபாயில் உள்ளது. அந்தக் கோணத்தில் பார்த்தால், இந்த உயர்வின் பெரும்பகுதி புதிய சலுகை அன்று. பத்தாண்டுகளாகச் சிறிது சிறிதாகக் கரைந்துபோன பழைய சலுகைக்கான ஈடு.

வரி கணக்கிடப்படும் முறை

விமான நிலையச் சுங்க மையத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் உரிய வரி விகிதத்தைத் தேடிக்கொண்டிருக்க இயலாது. எனவே, பயணியின் உடைமையாக வரும் பொருள்களில் பெரும்பாலானவை சுங்கத் தீர்வைப் பட்டியலின் 9803 என்ற ஒரே தலைப்பின்கீழ் சேர்க்கப்பட்டு, ஒரே சீரான விகிதத்தில் வரி விதிக்கப்படுகிறது. 2016-இல் அந்த விகிதம் 35 சதவீத அடிப்படை வரியும் அதன்மீது 3 சதவீதக் கல்வி மேல்வரியும் சேர்ந்து 36.05 சதவீதமாக இருந்தது. 2018-இல் கல்வி மேல்வரிக்குப் பதிலாக 10 சதவீதச் சமூக நலக் கூடுதல் வரி வந்தபோது, மொத்த விகிதம் 38.5 சதவீதமாயிற்று.

இந்த வரி, வரம்புக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டுமே உரியது. அணிந்திருக்கும் உடை, அன்றாடம் பயன்படுத்தும் சொந்தப் பொருள்கள் ஆகியவை கணக்கில் சேர்வதில்லை. 18 வயது நிறைந்த பயணி கொண்டுவரும் ஒரு மடிக்கணினிக்கும் வரி விலக்கு உண்டு. வெளிநாட்டு நாணயத்தில் உள்ள விலை, சுங்க வாரியம் அறிவிக்கும் செலாவணி மதிப்பின்படி ரூபாயாக மாற்றப்படுகிறது. வரம்பு கரைந்ததற்குக் காரணம் இந்தக் கடைசிப் படிதான்.

ஒரே கேமரா, மூன்று கணக்குகள்

துபாயில் 3,500 திர்ஹாம் விலையுள்ள ஒரு கேமராவை எடுத்துக்கொள்வோம். பயணியிடம் வரிக்குரிய வேறு பொருள் எதுவும் இல்லை.

2016 ஏப்ரலில், 50 ஆயிரம் ரூபாய் வரம்பு அறிமுகமானபோது, ஒரு திர்ஹாமின் மதிப்பு ஏறக்குறைய 18 ரூபாய். கேமராவின் விலை 63 ஆயிரம் ரூபாய். வரம்பைக் கழித்தால் 13 ஆயிரம். அதற்கு 36.05 சதவீத வீதம் வரி சுமார் 4,690 ரூபாய்.

2025-இல் திர்ஹாமின் மதிப்பு 23.50 ரூபாய் அளவுக்கு வந்திருந்தது. அதே 3,500 திர்ஹாம் கேமராவின் விலை 82,250 ரூபாய் ஆயிற்று. வரம்பு மாறாததால், வரிக்குரிய தொகை 32,250 ரூபாய், 38.5 சதவீத வீதம் வரி சுமார் 12,400 ரூபாய். பொருளும் அதன் துபாய் விலையும் மாறாதிருந்தும், வரிச்சுமை இரண்டரை மடங்குக்கு மேல் கூடியிருந்தது.

2026-இன் தொடக்கத்தில் திர்ஹாம் 25 ரூபாயை நெருங்கியது. அந்த மதிப்பில் கேமராவின் விலை 87,500 ரூபாய். புதிய 75 ஆயிரம் வரம்பைக் கழித்தால் 12,500 எஞ்சும். அதே 38.5 சதவீத விகிதத்தைக் கொண்டு கணக்கிட்டால் வரி சுமார் 4,810 ரூபாய். அதாவது, பயணி 2016-இல் நின்ற இடத்துக்கே ஏறக்குறைய மீண்டும் வந்து சேர்ந்திருக்கிறார்.

வரம்பையே திர்ஹாமில் சொன்னால் நிலை இன்னும் தெளிவாகும். 2016-இல் 50 ஆயிரம் ரூபாய்க்கு சுமார் 2,780 திர்ஹாம் மதிப்புள்ள பொருளைக் கொண்டுவர முடிந்தது. 2025-இல் அது 2,130 திர்ஹாமாகச் சுருங்கியது. இப்போது 75 ஆயிரத்துக்கு 3,000 திர்ஹாம். ரூபாயில் 50 சதவீதமாகத் தோன்றும் உயர்வு, திர்ஹாமில் 8 சதவீதம் மட்டுமே.

நகையில் தெரிந்த விரிசல்

ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்புவோரின் நகைக்குத் தனிச் சலுகை உண்டு. 2016 விதிகளின்படி ஆண்கள் 20 கிராம், பெண்கள் 40 கிராம் வரை வரியின்றிக் கொண்டுவரலாம். ஆனால், அதே விதியில் மதிப்பு வரம்பும் இருந்தது: ஆண்களுக்கு 50 ஆயிரம் ரூபாய், பெண்களுக்கு 1 லட்சம் ரூபாய்.

2016-இல் 10 கிராம் தங்கம் 30 ஆயிரம் ரூபாயை ஒட்டியிருந்தது. அப்போது எடையும் மதிப்பும் ஓரளவு பொருந்தின. 2025-இல் 10 கிராம் ஒரு லட்சம் ரூபாயைக் கடந்தபோது, 50 ஆயிரம் ரூபாய்க்கு 5 கிராம் நகைகூடக் கிடைக்கவில்லை. விதியில் 20 கிராம் என்ற சொல் இருந்தது. அதை யாரும் பயன்படுத்த முடியவில்லை. நகை பறிமுதல் வழக்குகளை விசாரித்த தில்லி உயர் நீதிமன்றமும், விதிகளை மறுபரிசீலனை செய்யுமாறு வலியுறுத்தியது.

புதிய விதிகள் மதிப்பு வரம்பை நீக்கி, எடையை மட்டுமே அளவாகக் கொண்டுள்ளன. இனி தங்கத்தின் விலை எவ்வளவு ஏறினாலும் நகைச் சலுகை சுருங்காது. இந்தத் தீர்வு நகைக்கு மட்டுமே கிடைத்திருக்கிறது என்பதே கவனிக்கத்தக்கது. தங்கக் கட்டி, நாணயம் ஆகியவற்றுக்கு இச்சலுகை பொருந்தாது.

பச்சை வழியில் உள்ள ஆபத்து

வரம்பு சுருங்கும்போது விளைவு வரித்தொகையோடு நிற்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் வரம்புக்குள் அடங்கிய ஒரு பொருள், ரூபாய் மதிப்பு சரிந்ததாலேயே வரம்பைத் தாண்டிவிடுகிறது. பயணி பழைய நினைப்பில் பச்சை வழியில் சென்றுவிடுகிறார். அங்கே சோதனையில் பிடிபட்டால், அது வரி பாக்கி அன்று; அறிவிக்கத் தவறிய குற்றம். சுங்கச் சட்டத்தின்படி பொருள் பறிமுதலுக்கு உள்ளாகும். அதை மீட்க மீட்பு அபராதமும் வரியும் செலுத்த வேண்டும். தண்டத் தொகையும் விதிக்கப்படலாம். அதே பொருளைச் சிவப்பு வழியில் ரசீதுடன் அறிவித்திருந்தால், வரி மட்டுமே செலவு.

குடும்பத்தோடு வருவோர் தடுமாறும் இடம் ஒன்றும் உண்டு. வரம்பு ஒவ்வொரு பயணிக்கும் தனித்தனியாக உரியது. கணவரின் வரம்பையும் மனைவியின் வரம்பையும் கூட்டி ஒரே கேமராவுக்குப் பொருத்த முடியாது. 2016 விதிகள் இதை வெளிப்படையாகவே தடுத்தன.

அடுத்த உயர்வு எப்போது?

வரம்பு 2012-இல் 25 ஆயிரத்திலிருந்து 35 ஆயிரமாகவும், 2014-இல் 45 ஆயிரமாகவும், 2016-இல் 50 ஆயிரமாகவும் உயர்ந்தது. அதாவது, ஈராண்டுக்கு ஒருமுறை திருத்தம். அதன்பின் பத்தாண்டுகள் அசையவில்லை. அந்த இடைவெளியில் அரசு வரி விகிதத்தை உயர்த்தியது ஒருமுறைதான். எஞ்சிய சுமையைச் செலாவணிச் சரிவே ஓசையின்றி ஏற்றியது.

75 ஆயிரம் என்பதும் அதே வகையான நிலையான ரூபாய்த் தொகையே. நகைக்கு எடை அளவுகோலாகியிருக்கும்போது, பிற பொருள்களுக்கான வரம்பையும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை செலாவணி மதிப்போடு ஒப்பிட்டுத் திருத்தும் ஏற்பாடு செய்யப்படாவிட்டால், இன்று ஈடு செய்யப்பட்ட சலுகை அடுத்த திருத்தம் வரும்வரை மீண்டும் கரையத் தொடங்கும்.