பிள்ளைக்கு ஊசி உண்டு. தாய்க்குச் சோதனை எங்கே?

நெல்லை மாவட்டத்தில் நாம் அறிந்த ஒரு பீடித் தொழிலாளிப் பெண். முதல் கர்ப்பத்தின் ஆறாம் மாதத்தில் சோதித்தபோது ரத்தச் சர்க்கரை 162 இருந்தது. கர்ப்பகால நீரிழிவு என்றார்கள். சாப்பாட்டைக் கட்டுப்படுத்தினாள், போதவில்லை. கடைசி இரண்டு மாதம் இன்சுலின் போட்டுக் கொண்டாள். வயிற்றைக் கீறி 3.6 கிலோ எடையுள்ள ஆண் குழந்தையை எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் மீண்டும் சோதித்தார்கள். சர்க்கரை இல்லை. "போய்விட்டது, இனிக் கவலை இல்லை" என்று சொல்லி அனுப்பினார்கள்.

நான்கு ஆண்டுகள் கழித்து அவள் மறுபடியும் கர்ப்பமானாள். பத்தாவது வாரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வெறும் வயிற்றிலேயே சர்க்கரை 148! இது கர்ப்பத்தினால் வந்தது அல்ல, முன்பே வந்துவிட்ட முழு நீரிழிவு என்று டாக்டர் சொன்னார். "எப்போது வந்தது?" என்று நாம் கேட்டோம். "யாரால் சொல்ல முடியும்? நடுவே ஒரு முறைகூடச் சோதிக்கவில்லையே" என்றார் அவர்.

கருவின் இருதயமும் முதுகுத் தண்டும் உருவாவது முதல் எட்டு வாரங்களில். அந்த வாரங்களில் தாயின் ரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் பிள்ளை ஊனத்தோடு பிறக்கும் அபாயம் கூடுகிறது. இந்தப் பெண்ணுக்கு அந்த எட்டு வாரமும் கடந்துவிட்டது. ஸ்கேனில் குழந்தையின் இருதயத்தைப் பார்க்கும் நாளுக்காகக் குடும்பமே காத்திருக்கிறது. இதற்கு யார் பொறுப்பு?

போனது எது, இருப்பது எது?

"போய்விட்டது" என்ற சொல்லில்தான் தவறு தொடங்குகிறது. கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் சில பொருள்கள் இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கின்றன. கணையம் அதிக இன்சுலின் சுரந்து ஈடுகட்ட வேண்டும். பெரும்பாலான பெண்களின் கணையம் இதைச் செய்துவிடுகிறது. சிலரால் முடிவதில்லை, அவர்களுக்குச் சர்க்கரை ஏறுகிறது. பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் பளு இறங்குகிறது, சர்க்கரையும் இறங்குகிறது. ஆனால் கணையத்தின் பலவீனம் அப்படியே இருக்கிறது.

ஆகவே பிரசவ வார்டில் எடுக்கும் சோதனை, இன்றைக்கு மருந்து வேண்டுமா என்பதை மட்டுமே சொல்லும். உண்மை நிலையைச் சொல்வது ஆறு வாரம் கழித்து எடுக்கும் சோதனை. கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏழு மடங்குக்குக் குறையாது என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஆறாம் வாரத்தில் சரியாக இருந்தவளுக்கும் மூன்றாம் ஆண்டில் வரலாம். ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

சோதனை எப்படி?

இரவு பத்து மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் ஒரு ரத்தம். பிறகு 75 கிராம் குளுகோஸை ஏறத்தாழ 300 மில்லி தண்ணீரில் கலந்து ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்து இன்னொரு ரத்தம். நடுவில் குழந்தைக்குப் பால் கொடுக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். குடித்ததை வாந்தி எடுத்துவிட்டால் வேறொரு நாள் வர வேண்டும். "பால் கொடுக்கிறவள் பட்டினி கிடக்கலாமா?" என்று வீட்டுப் பெரியவர்கள் தடுக்கிறார்கள். பத்து மணிக்கெல்லாம் முடிந்துவிடும் என்று அவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது ரத்தத்தின் அளவு 140க்குக் கீழே இருந்தால் சரி. 140 முதல் 199 வரை இருந்தால் நீரிழிவின் வாசல். 200 அல்லது அதற்கு மேல் போனாலும், வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்தாலும் நீரிழிவு.

இங்கேதான் குறுக்கு வழி புகுகிறது. கூட்டம் அதிகம், ஆள் குறைவு என்று வெறும் வயிற்று ரத்தத்தை மட்டும் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். நம் ஊர் மாதர் சங்கத் தோழர் ஒருவரின் மகளுக்கு அப்படித்தான் 96 வந்தது. "நார்மல்" என்று எழ்தித் தந்தார்கள். தோழர் விடவில்லை. அடுத்த வாரம் முழுச் சோதனை எடுக்க வைத்தார். இரண்டு மணி நேர ரத்தத்தில் 172! முதல் சீட்டை நம்பியிருந்தால் வாசலில் நிற்பது தெரியாமலே போயிருக்கும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையும் ஆறாம் வாரத்தில் உதவாது. கர்ப்பத்தாலும் பிரசவ ரத்தப் போக்காலும் அதன் கணக்கு பிசகிவிடுகிறது.

வாசலில் நிற்பது தெரிந்தால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு. கர்ப்பகால நீரிழிவு வந்து, பின்னர் இந்த வாசலில் நின்ற பெண்களைப் பற்றிய அமெரிக்க ஆய்வு ஒன்று 2008ல் வெளியாயிற்று. எடையைக் குறைத்து உடற்பயிற்சி செய்தவர்களிடமும், மெட்பார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களிடமும் மூன்று ஆண்டுகளில் நீரிழிவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது.

ஓட்டை எங்கே?

கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைச் சோதனை செய்ய வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2007ல் உத்தரவிட்டது. நல்ல காரியம், நாம் வரவேற்கிறோம். ஆறாம் வாரச் சோதனையும் மத்திய சர்க்காரின் வழிகாட்டு நெறியில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ஏட்டில் இருப்பது ஏழைத் தாயிடம் வந்து சேர வேண்டாமா?

நம் பெண்கள் பிரசவத்துக்குத் தாய் வீடு போகிறார்கள். சில மாதத்தில் கணவன் வீடு திரும்புகிறார்கள். சர்க்கரை இருந்த விவரம் ஓர் ஊரில், அவள் இருப்பது வேறோர் ஊரில். இருக்கும் ஊர்ச் செவிலியருக்கு விவரம் தெரியாது. ஊர்தோறும் சர்க்கரை சோதிக்கும் தேசியத் திட்டமோ 30 வயதில்தான் தொடங்குகிறது. 24 வயதுத் தாய் அதற்குள் ஆறு ஆண்டு எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆயிரம் பீடி சுற்றினால்தான் கூலி என்றிருப்பவள், நோவு இல்லாத உடம்பைக் காட்ட அரை நாள் கூலியை இழந்து ஆஸ்பத்திரிக்குப் போவாளா? போகவில்லை என்று அவளையே குறை சொல்வது எளிது.

ஆனால் அதே தாய் ஆறாம் வாரத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தடுப்பூசிக்குத் தவறாமல் வருகிறாள். பிள்ளைக்கு ஊசி போடும் அதே காலையில் தாய்க்கும் ரத்தம் எடுத்தால் என்ன? வெறும் வயிற்றோடு வரும்படி முதல் நாள் செவிலியர் சொல்லியனுப்ப வேண்டும்; அவ்வளவுதான்.

ஆகவே நாம் கோருகிறோம்:

ஆறாம் வாரத் தடுப்பூசி நாளிலேயே, கர்ப்பகால நீரிழிவு வந்த தாய்க்கு இரண்டு ரத்தமும் எடுக்கும் முழுச் சோதனை நடக்க வேண்டும். அதற்கு வேண்டிய குளுகோஸும் ஆளும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குத் தரப்பட வேண்டும்.

தாயின் விவரம் பிக்மி எண்ணோடு அவள் குடியிருக்கும் ஊர்ச் செவிலியருக்குப் போய்ச் சேர வேண்டும். வயதைப் பாராமல் ஆண்டுதோறும், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பும் அவளை அழைத்துச் சோதிக்க வேண்டும்.

சோதனை நாளின் கூலி இழப்புக்கு ஈடு தரப்பட வேண்டும்.

மாதர் சங்கத் தோழர்களுக்கும் ஒரு வேலை உண்டு. உங்கள் தெருவில் கைக்குழந்தைக்காரி இருந்தால், கர்ப்பத்தில் சர்க்கரை இருந்ததா என்று கேளுங்கள். இருந்தது என்றால், ரத்தம் ஒரு முறை எடுத்தார்களா, இரண்டு முறை எடுத்தார்களா என்று சீட்டை வாங்கிப் பாருங்கள். பிள்ளையின் பிறந்த நாள் வரும்போதெல்லாம் மறுபடியும் கேளுங்கள்.