லாட் அளவு வைக்கும் ஸ்டாப் லாஸ்

ஸ்டாப் லாஸை முதலில் சார்ட்டில் குறித்து, அந்தத் தூரத்தைக் கொண்டு எத்தனை லாட் என்று கணக்கிடுவதே முறை. சிறு கணக்கில் இது தலைகீழாகிறது. ஒரு லாட்டுக்குக் கீழே போக முடியாததால் அளவு முன்பே முடிவாகிவிடுகிறது. மிஞ்சும் பணத்துக்கு ஏற்ப ஸ்டாப் சுருங்குகிறது.

நிஃப்டி ஃப்யூச்சர்ஸில் இதைத் தெளிவாகக் காணலாம். குறைந்தபட்ச ஒப்பந்த மதிப்பை செபி 5 லட்சத்திலிருந்து 15 லட்சமாக உயர்த்தியதால், 2024 நவம்பரிலிருந்து புதிய ஒப்பந்தங்களில் லாட் 25-லிருந்து 75 ஆனது. மூன்று லட்சம் ரூபாய்க் கணக்கில் ஒரு வர்த்தகத்துக்கு 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய்தான் இழக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். சார்ட் கேட்கும் ஸ்டாப் 60 புள்ளி. பழைய லாட்டில் ஒன்றுக்கு 1,500 ரூபாய்; இரண்டு லாட் எடுத்தால் கணக்கு நேராகிவிடும், பாதி வழியில் ஒன்றை விற்று லாபத்தையும் எடுக்கலாம். புதிய லாட்டில் ஒன்றுக்கே 4,500 ரூபாய். 3,000-க்குள் நிற்க வேண்டுமானால் ஸ்டாப் 40 புள்ளிக்குள் வர வேண்டும். பின்னர் லாட் 65 ஆனபோதும் அது 46 புள்ளிதான்.

அந்த 40 புள்ளிக்கும் சந்தைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. விலை முந்தைய தாழ்வை உடைக்காமலேயே, வழக்கமான ஏற்ற இறக்கத்தில் ஸ்டாப்பைத் தொட்டுவிட்டு எதிர்பார்த்த திசையிலேயே போகும். பலர் இதை உத்தியின் குறை என்று எண்ணி இண்டிகேட்டரை மாற்றுகிறார்கள். வர்த்தகப் பதிவேட்டைப் பார்த்தால் உண்மை தெரியும்: அமைதியான நாளிலும் ஆட்டம் அதிகமான நாளிலும் ஸ்டாப் தூரம் ஒரே எண்ணை ஒட்டியே இருந்தால், அதை வைத்தது லாட்.

இந்த ஒப்பந்தத்தில் டிக் அளவு பொருட்டல்ல. மலிவான ஆப்ஷனுக்கு நகரும்போது அது கடிக்கிறது. 2 ரூபாய் பிரீமியத்தில் 5 பைசா டிக் என்பது 2.5 சதவீதம். வாங்கும் விலை 1.90, விற்கும் விலை 2.00 என்றிருக்கும்போது 2.00-க்கு வாங்கி 1.80-இல் ஸ்டாப் வைத்தால், நான்கு டிக்கில் இரண்டு நுழைந்தவுடனே போய்விடுகிறது. என்எஸ்இ 2021-இல் ஆப்ஷன்களுக்கு எஸ்எல்-எம் ஆர்டரை நிறுத்தியதால் டிரிகருக்குக் கீழே லிமிட் விலையும் தர வேண்டும். அதை ஒட்டி வைத்தால் விலை தாண்டிக் குதிக்கும்போது ஆர்டர் நிறைவேறாமல் தொங்கும். தள்ளி வைத்தால் இழப்பு கூடும்.

ஆர்டர் போடுமுன் ஒரு கணக்கு போதும்: சார்ட் கேட்கும் ஸ்டாப்பை லாட்டால் பெருக்கி, இழக்கத் துணியும் சதவீதத்தால் வகுப்பது. 60 புள்ளி, லாட் அளவு 75, 1 சதவீதம் என்றால் 4.5 லட்சம் வருகிறது. கணக்கில் அவ்வளவு இல்லையென்றால் அந்த வர்த்தகத்தை விடலாம். 1.5 சதவீத இழப்பை ஏற்பதானால், அதை முன்கூட்டியே எழுதிவைத்து, அடுத்தடுத்த இழப்புகளைத் தாங்குமா என்றும் பார்க்கலாம். வாங்கும் பக்கம் மட்டும் போதுமென்றால் நிஃப்டி இடிஎஃப்-ஐ ஒரு யூனிட் முதல் வாங்க முடியும். அங்கே ஸ்டாப்பைச் சார்ட்டில் வைத்து எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம்.