கோழியும் பறவைதான், கொஞ்சம் கேளுங்கள்



தரம் 5 புலமைப்பரிசிலுக்கென்று கடைகளில் விற்கும் மாதிரி வினாத்தாள்களில் இப்படி ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது: குருவி, காகம், கொக்கு, கோழி, பொருந்தாதது எது? விடை "கோழி" என்று பின்பக்கத்தில் அச்சடித்திருக்கிறார்கள். காரணம் கிடையாது. திரியாய்ப் பக்கத்துப் பிள்ளை "கொக்கு" என்று எழுதினால் புள்ளி போய்விடும். களப்பில் இறங்கி நின்று மீன் பிடிப்பது இந்த நான்கில் கொக்கு மட்டும்தானே! அந்த விடையில் என்ன பிழை?

கோழி ஏன் நமக்கு "ஒரு மாதிரி" தெரிகிறது என்பதற்கு உளவியலில் விளக்கம் இருக்கிறது. கலாசாலையில் நாங்கள் படித்த முன்மாதிரிக் கோட்பாடு அதுதான். 1975இல் எலனர் றொஷ் அமெரிக்க மாணவர்களிடம் பறவைப் பெயர்களைக் கொடுத்து, எது எவ்வளவு நல்ல உதாரணம் என்று 1 முதல் 7 வரை மதிப்பிடச் சொன்னார். றொபினும் குருவியும் முன்னால் வந்தன. கோழியும் தீக்கோழியும் பென்குயினும் பின்னால் போயின.

தினமும் பார்ப்பதால்தான் குருவி முன்னால் வருகிறது என்று நினைக்க வேண்டாம். அப்படியென்றால் நம் முற்றத்துக் கோழியல்லவா முதலில் வர வேண்டும்? றொஷும் மேர்விஸும் சொன்ன காரணம் வேறு. சிறிய உடல், பறத்தல், கிளையில் அமர்தல், மரத்தில் கூடு கட்டுதல் என்று மற்றப் பறவைகள் பலவற்றோடு குருவி பங்குபோடும் இயல்புகள் அதிகம். கோழிக்கு அவை குறைவு. அதனால் "குருவி ஒரு பறவை" என்பதற்கு மனம் சட்டென்று "ஓம்" சொல்கிறது. கோழிக்குச் சற்றுத் தாமதிக்கிறது.

ஆனால் தாமதம் வேறு, பிழை வேறு. 1983இல் ஆம்ஸ்ட்ரோங்கும் கிளைற்மன் தம்பதியினரும் இதே முறையில் ஒற்றை எண்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். 447ஐ விட 3தான் நல்ல ஒற்றை எண் என்றார்கள் பங்குபற்றியவர்கள். 447 என்ன அரைகுறை ஒற்றையா? இரண்டால் வகுத்தால் இரண்டிலும் மீதி 1தான். பறவையிலும் அப்படித்தான். இன்று உயிர் வாழும் விலங்குகளில் இறகு உள்ளது பறவைக்கு மட்டுமே. கோழிக்கும் அது முழுசாக இருக்கிறது.

ஆக, நல்ல உதாரணமா என்பது மனதின் வரிசை. வகைக்குள் அடங்குமா என்பது இன்னொரு கேள்வி. இந்த வினாத்தாள்கள் முதலாவதை அளந்துவிட்டு, இரண்டாவதைச் சோதித்ததாகக் காட்டுகின்றன. பிள்ளையின் நுண்ணறிவை அளக்கவில்லை. வினா எழுதியவரின் மனதிலுள்ள பறவையைப் பிள்ளை ஊகிக்கிறதா என்றே பார்க்கின்றன.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. எந்த அடிப்படையில் பொருந்தவில்லை என்று வினாவிலேயே சொல்லுங்கள். "நெடுந்தூரம் பறக்காதது எது?" என்றால் கோழி, "நீரில் நின்று இரை பிடிப்பது எது?" என்றால் கொக்கு. சொல்ல முடியாதென்றால், பிள்ளை எழுதும் காரணத்தை வாசித்துப் புள்ளி போடுங்கள். அதுவும் முடியாதென்றால் அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள்.

பெற்றோரே, வீட்டில் விடைத்தாளைத் திருத்தும்போது சிவப்புக் கோடு போட முன்னர் "ஏன் மகன் இதை எழுதினீங்க?" என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.