அட்டியலோடு வந்த தாள்

உடுப்பிட்டியில் அம்மம்மா ஒருவர், தம் பேர்த்தியின் கலியாணத்துக்கு அட்டியலொன்றைக் கொடுத்தபோது, அதனுடன் மடித்த தாள் ஒன்றையும் வைத்திருந்தார். அதனை வாசிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ஆசி கூறும் வரிகள் சிலவே. மற்றவை இவை:

“என் தாயார் எனக்குச் சீதனமாகத் தந்த அட்டியல் இது. உனக்கே உரியதாக நன்கொடை தருகிறேன். கல்லும் அரக்கும் சேர்ந்த நிறை 40 கிராம். கல் மாற்றியபோது பத்தர் கழற்றி நிறுத்ததில் பொன் 34 கிராம், அதாவது நாலேகால் பவுண். பதக்கத்தில் இரண்டு சிவப்புக் கற்கள் பின்பு பதித்தவை. கொக்கியை இருமுறை ஒட்டுவித்தேன்.”

இத்துணை நுணுக்கம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். பவுண் ஒன்றுக்கு 8 கிராம் என்று கொண்டால், 40 கிராம் நகையை வீட்டார் வாய்வழக்கில் ‘ஐந்து பவுண்’ என்றே சொல்லி வருவர். பழைய கல்வைத்த நகைகளில் கல்லின் அடியில் அரக்கு இருக்கும், அது பொன்னன்று. பின்னொருநாள் அந்நகையை அழித்துச் செய்யும்போது நாலேகால் பவுணே தேறினால், பழி பத்தர் மீது விழும். அல்லது, ஐயோ, மாமியார் வீட்டின் மீது விழும்! ஒட்டுவித்த செய்தியும் வேண்டியதே. பொடிவைத்து ஒட்டிய இடத்தில் மாற்றுக் குறைந்த பொன் சேர்வதால், உருக்கும்போது மாற்றுச் சற்று இறங்கக்கூடும். கல் ஆடுகின்றதா என்பதை நகையைக் காதருகே மெல்ல அசைத்து அறியலாம். வெந்நீரில் கழுவுதல் கூடாது, அரக்கு இளகிவிடும்.

‘உனக்கே உரியதாக’ என்ற சொற்களை நாம் மிகவும் மெச்சினோம். ‘கலியாண வீட்டுக்குக் கொடுத்தது’ என்று எழுதியிருந்தால், யாருக்குக் கொடுத்தது என்ற வழக்குப் பிறக்கும். தேசவழமைக்கு உட்பட்டோருக்கான 1911 ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, பெண்ணுக்குத் திருமணத்தின்போது உரியதாயிருந்ததும், பின்னர் அவளுக்கு நன்கொடையாக வந்ததும் அவளது தனிச் சொத்தாகும். பொதுவாகக் கணவரின் கடனுக்கு அது பொறுப்பாகாது. நகை அசையும் பொருளாதலின், கணவரின் சம்மதம் இன்றியும் அவள் அதனை விற்கலாம், கொடுக்கலாம். ஆயினும் அது அவளுக்கே வந்தது என்று காட்டல் வேண்டுமே! ஆகவே பேர்த்தியின் முழுப்பெயர், கொடுத்தவர் பெயர், திகதி, கையொப்பம் ஆகிய நான்கும் தாளில் இருத்தல் நன்று. அருகில் இருந்த இருவரும் ஒப்பமிட்டால் இன்னும் உறுதி.

தாளை நகைப்பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவது நம்மவர் வழக்கம். பெட்டி போனால் தாளும் உடன்போகும். 1987 ஆம் ஆண்டு வடமராட்சி மக்கள் வீடுவாசலை விட்டு ஓடியபோது, எதனை எடுப்பது, எதனை விடுவது என்று எண்ணவும் பொழுது இருக்கவில்லை. எனவே இரு பிரதிகள் எழுதி, ஒன்றைத் தாய்வீட்டு உறுதிகளோடு வைத்தல் வேண்டும். நகையின் பக்கத்தில் அளவுகோல் ஒன்றை வைத்து முன்னும் பின்னும் படம் பிடித்து, அப்படங்களையும் அந்தப் பிரதியோடு சேர்த்து வைக்கலாம்.