இரண்டு விடை எழுதினால் மதிப்பெண் இல்லை

பத்தாம் வகுப்பு அறிவியலில், மின்னோட்டவியல் பாடத்திலிருந்து அடிக்கடி கேட்கப்படும் வகைக் கணக்கு ஒன்று: 6 ஓம், 3 ஓம் கொண்ட இரண்டு மின்தடைகள் பக்க இணைப்பில் உள்ளன, தொகுபயன் மின்தடை எவ்வளவு? விடை 2 ஓம். ஒரு மாணவர் முதலில் 6-ஐயும் 3-ஐயும் கூட்டி 9 ஓம் என்று எழுதுகிறார். அது தொடர் இணைப்புக்கான வழி. அதற்குக் கீழேயே ஆறில் ஒன்றையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி, இரண்டில் ஒன்று என்று கண்டு, தலைகீழாக்கி 2 ஓம் என்றும் எழுதுகிறார். எதையும் அடிக்கவில்லை. எது தன் விடை என்று சொல்லவும் இல்லை. அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பள்ளிகளின் ஆசிரியர் அறைகளில் காலாண்டு, அரையாண்டு விடைத்தாள் திருத்தும் நாட்களில் இந்தத் தாள் எந்தக் கட்டிலும் இருக்கும். ஒருவர் சரியானதைப் பார்த்து முழு மதிப்பெண் போடுவார். இன்னொருவர் பாதி போடுவார். மூன்றாமவர் சுழியம் போடுவார். ஒரே பள்ளியில், ஒரே வகுப்பின் இரண்டு பிரிவுகளுக்குள் இப்படி நடப்பது சரியல்ல. நம் தீர்ப்பு மூன்றாமவர் பக்கம். ஏன் என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

இந்தக் கணக்கில் சோதிக்கப்படுவது கூட்டல் அல்ல. கேள்வியைப் படித்து, இது பக்க இணைப்பு, ஆகவே தலைகீழ் மதிப்புகளைக் கூட்ட வேண்டும் என்று முடிவெடுப்பதுதான் கேள்வியின் உயிர். அந்த முடிவை மாணவர் எடுக்கவில்லை. இரண்டு சூத்திரங்களையும் எழுதி வைத்து, முடிவை ஆசிரியரின் சிவப்பு மைப் பேனாவிடம் விட்டுவிட்டார். ஆசிரியர் 2 ஓமை வட்டமிட்டு மதிப்பெண் கொடுத்தால், கேள்விக்கு விடை எழுதியவர் ஆசிரியர்தான். நாளை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேரும்போது, ஒரே கம்பியைத் தொடராகவும் பக்கமாகவும் இணைத்துவிட்டு, சரியானதை மேற்பார்வையாளர் பார்த்துக்கொள்வார் என்று யாரும் விட முடியாது.

பாதி மதிப்பெண் போடுபவரின் வாதம் வலுவானது. அதை ஒதுக்கிவிட முடியாது. இரண்டில் எது என்று தெரியாத இன்னொரு மாணவர் குருட்டாம்போக்கில் ஒன்றை எழுதியிருந்தால், பாதி வாய்ப்பில் முழு மதிப்பெண் வாங்கியிருப்பார். சராசரி பார்த்தால் அதுவும் பாதிதானே, இரண்டையும் எழுதியவருக்கு மட்டும் ஏன் சுழியம் என்று அவர் கேட்பார். ஆனால் குருட்டாம்போக்கில் எழுதியவரும் ஒரு விடைக்குப் பொறுப்பேற்றார். அது தவறாகப் போனால் இழப்பு அவருடையது. 9 ஓம் என்று மட்டும் எழுதிச் சுழியம் வாங்கிய மாணவர் பக்கத்து மேசைக்காரரின் தாளைப் பார்த்தால், அதே 9 ஓமும் கூடவே 2 ஓமும் எழுதியவர் பாதி வாங்கியிருப்பது தெரியும். அவர் கேட்கும் கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்காது. அடுத்த தேர்வில் அவரும் இரண்டையும் எழுதுவார். சரியான பாடம் அவருக்குக் கிடைத்துவிட்டது என்று நினைப்பார்.

ஆவடிப் பெற்றோர் இன்னொன்றையும் கவனித்திருப்பார்கள். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகள், விமானப்படை, மத்திய ஆயுதக் காவல் படை ஆகியவற்றில் பணியாற்றுவோரின் பிள்ளைகள் பலர் அங்கே சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் படிக்கிறார்கள். எதிர்வீட்டுப் பிள்ளை மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கிறது. சி.பி.எஸ்.இ. மதிப்பீட்டாளர்களுக்குத் தரும் அண்மை ஆண்டுக் குறிப்புகளில், ஒரு மதிப்பெண் வினாவுக்கு அடிக்காமல் ஒன்றுக்கு மேற்பட்ட முறை விடை எழுதினால் முதலில் எழுதியதை மட்டும் திருத்த வேண்டும் என்று இருக்கிறது. தெளிவான விதிதான், எல்லோருக்கும் ஒன்றாகவும் இருக்கிறது. ஆனால் நம் மாணவர் 9-ஐ மேலே எழுதியதால் சுழியம் வாங்குவார், 2-ஐ மேலே எழுதியிருந்தால் முழுசாக வாங்குவார். அறிவில் வேறுபாடு இல்லை, வரிசையில்தான் வேறுபாடு. அதனால் வகுப்புத் தேர்வுக்கு அந்த விதியை நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

மாநிலப் பொதுத்தேர்வின் பிளஸ் டூ விடைக்குறிப்புகளிலும் இதே சிக்கலுக்கு ஒரு பதில் உண்டு. ஒரு மதிப்பெண் வினாவில் குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுதச் சொல்கிறார்கள். குறியீடு, விடை இரண்டில் ஒன்று தவறானாலும் மதிப்பெண் இல்லை. குறியீடு ஒன்றையும் விடை வேறொன்றையும் சொன்னால் அது இரண்டு விடைதான், ஆகவே சுழியம். பள்ளியில் மூன்று ஆண்டுகள் சரியானதைப் பொறுக்கி மதிப்பெண் போட்டுப் பழக்கிய ஆசிரியரின் கருணை, மார்ச் மாதத்தில் முகம் தெரியாத ஒருவர் திருத்தும்போது பிள்ளைக்குத் துணை வராது. அங்கே இழக்கும் மதிப்பெண் வகுப்பில் இழந்ததை விடப் பெரிது.

சுழியம் என்று சொல்லும்போதே, எது இரண்டு விடை என்பதில் ஆசிரியர் கவனமாக இருக்க வேண்டும். மின்னோட்டம் 0.5 ஆம்பியர் என்றும், அடைப்புக்குறிக்குள் 500 மில்லி ஆம்பியர் என்றும் எழுதினால் அது ஒரே விடை, முழு மதிப்பெண். 50 மில்லி ஆம்பியர் என்று மாற்றியிருந்தால் அவை ஒன்றையொன்று மறுக்கின்றன. அது இரண்டு விடை. மேலே 9 ஓம் வந்திருந்தாலும், கடைசியில் ‘விடை: 2 ஓம்’ என்று தனியே எழுதியிருந்தாலோ, அதைக் கட்டமிட்டிருந்தாலோ, மாணவர் தேர்ந்தெடுத்துவிட்டார். மேலே இருப்பது ஓட்டக் கணக்கு. மதிப்பெண் போடுங்கள். ஒன்றை ஒரு கோடு போட்டு அடித்திருந்தால் அடிக்காததே விடை. அடித்தது சரியானதாக இருந்தாலும் அதற்கு மதிப்பெண் கிடையாது. பதற்றத்தில் எழுதும் பிள்ளைக்கு இவ்வளவு இடம் போதும். இதற்கு மேல் ஊகித்துக்கொண்டு மதிப்பெண் போடுவது அந்தப் பிள்ளைக்கு நல்லதல்ல.

அதேபோல, இதை ஏமாற்று வேலையாகப் பார்க்கவும் கூடாது. மாணவரை எழுப்பி நிறுத்தித் திட்டுவதோ, அந்தக் கேள்வியைத் தாண்டி வேறு மதிப்பெண் குறைப்பதோ தகாது. ஓரத்தில் ‘இரு விடை’ என்று எழுதிச் சுழியம் இடுங்கள். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, இது தொடரா பக்கமா என்று எப்படி அறிவது என்பதைத் தனியே கேளுங்கள். இரண்டு சூத்திரங்களும் தெரிந்த பிள்ளைக்கு எங்கே இடறுகிறது என்று அந்தத் தாளே காட்டிவிட்டது. முழு மதிப்பெண் போட்டிருந்தால் அந்தக் குறை மறைந்தே போயிருக்கும்.

முன்கூட்டியே சொல்லாத விதியால் யாரையும் தண்டிக்கக் கூடாது என்பதும் எங்கள் உறுதியான நிலைப்பாடு. இன்றைய வினாத்தாள்களில் பெரும்பாலும் கறுப்பு அல்லது நீல மையில் எழுத வேண்டும் என்ற குறிப்பு இருக்கிறது. இரண்டு விடை எழுதினால் என்ன ஆகும் என்ற குறிப்பு இல்லை. எட்டாம் வகுப்பிலிருந்தே மாணவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டும். இரண்டையும் எழுதி வை, திருத்துபவர் பார்த்துக்கொள்வார் என்று டியூஷனில் யாராவது சொல்லியிருந்தால், அதைத் திருத்தும் பொறுப்பும் பள்ளியுடையது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத் தலைமையாசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம்: வரும் அரையாண்டு வினாத்தாளின் முதல் பக்கத்தில், ‘ஒரு வினாவுக்கு ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு விடைகளை அடிக்காமல் விட்டால் மதிப்பெண் வழங்கப்படாது’ என்ற ஒரு வரியை அச்சிடுங்கள். அச்சிட்ட பிறகு எல்லாப் பிரிவிலும் அதன்படியே திருத்துங்கள்.